மொத்த விலையும் குறைந்தபட்சக் கொள்முதலும்: விழுப்புரத்து அகல் விளக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆயுத பூஜை கழிந்து, தீபாவளிக்கும் கார்த்திகைக்கும் நாள் எண்ணத் தொடங்கும் காலத்தில், விழுப்புரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மண் அகல் செய்யும் குடும்பங்களின் கைப்பேசிகளுக்கு ஏறக்குறைய ஒரே விதமான செய்திகள் வந்து குவிகின்றன. “ரேட் என்ன?”, “ஹோல்சேல் பிரைஸ் அனுப்புங்க”, “ரீசெல்லருக்கு எவ்வளவு?” என்று இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடும் அச்செய்திகளை அனுப்பியவர் யார், எந்த ஊர், எத்தனை விளக்கு வாங்க உத்தேசித்திருக்கிறார் என்ற எதுவும் தெரியாத நிலையிலேயே உற்பத்தியாளர் பதில் எழுத வேண்டியவராக இருக்கிறார். அந்தப் பதிலில் விலையை எப்படிச் சொல்வது, குறைந்தபட்சம் இவ்வளவு வாங்கினால்தான் இந்த விலை என்ற நிபந்தனையை எந்த ஆதாரத்தில் நிர்ணயிப்பது, அதை மனம் கோணாமல் எப்படித் தெரிவிப்பது என்பவையே இங்கே பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட விஷயங்கள்.

விழுப்புரம் ஒரு பெரிய ரயில் சந்திப்பு. சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என்று இருப்புப் பாதைகள் அங்கிருந்து பிரிகின்றன. திண்டிவனமோ சென்னைப் பெருஞ்சாலையிலிருந்து புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் மரக்காணத்துக்கும் சாலைகள் கிளைக்கும் இடம். ஆகையால் கார்த்திகை தீபத்துக்குப் பேர்பெற்ற திருவண்ணாமலைக்கும், விளக்கு அதிகமாகச் செலவாகும் சென்னைக்கும், நடுவிலே இருக்கிற இந்தப் பிரதேசத்துக்கு வியாபாரிகள் நேரில் வந்து சரக்கைத் தட்டிப் பார்த்து வாங்கிச் செல்வதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. நேரில் வந்தவரிடம் நிபந்தனை என்று தனியாக ஒன்றைச் சொல்ல வேண்டிய அவசியம் ஏற்பட்டதில்லை. அவர் கொண்டுவந்த வண்டியின் கொள்ளளவே குறைந்தபட்சக் கொள்முதலைத் தீர்மானித்துவிட்டது.

விலையை வெளிப்படையாகச் சொல்வதா, ஆளைப் பார்த்துச் சொல்வதா என்ற விவாதமும் இந்த மண்ணுக்குப் புதியதன்று. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை மறைத்து, விரலைப் பிடித்தே விலை பேசிக்கொள்ளும் முறையில், பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட விலை தெரியாது. அதற்கு நேர்மாறான முறையை 1933-ஆம் ஆண்டின் சென்னை வர்த்தகப் பயிர்கள் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. அதன் வழிவந்த ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்றும் நடக்கின்றன. அங்கே நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் மூட்டை இன்ன எடை என்ற கணக்கும், அன்றைய விலை இன்னது என்ற அறிவிப்பும் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கின்றன. செய்தி வழியாக வரும் விசாரணைகளுக்குப் பதில் சொல்வோரும் இந்த இரண்டு கட்சிகளாகவே பிரிந்து நிற்கிறார்கள். “போன் பண்ணுங்க, விலை சொல்றேன்” என்று எழுதுவோர் துண்டுக் கட்சி. முழுப் பட்டியலையும் முதல் பதிலிலேயே அனுப்பிவிடுவோர் விற்பனைக் கூடக் கட்சி.

துண்டுக் கட்சியாரின் வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. விலை கேட்டு எழுதும் பத்துப் பேரில் சிலர் பக்கத்து ஊர் உற்பத்தியாளர்களே. சிலர் வீட்டு விசேஷத்துக்கு ஐம்பது விளக்கு வேண்டி, மொத்த விலையில் கிடைத்தால் லாபம் என்று ‘ரீசெல்லர்’ என்று சொல்லிக்கொள்பவர்கள். இவர்களிடமெல்லாம் பட்டியலைக் கொடுத்து என்ன பிரயோஜனம் என்பது அவர்கள் கேள்வி. ஆனால், மாலை ஏழு மணிக்கு ஐந்து உற்பத்தியாளர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரர், எவர் முதலில் தெளிவான விலையும் அளவும் சொல்கிறாரோ அவரிடமே மேற்கொண்டு பேசுகிறார் என்பதையும், போன் செய்யச் சொன்னவரை அடுத்த நாள் மறந்தே போகிறார் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால், மறைப்பதனால் காப்பாற்றப்படும் ரகசியத்தைவிட இழக்கப்படும் வியாபாரமே பெரிது என்பது என் அபிப்பிராயம். போட்டியாளர் நம் விலையை அறிய விரும்பினால், வேறோர் எண்ணிலிருந்து ஒரு போன் செய்தால் போதாதா? வீட்டு விசேஷத்துக்காரரையோ, சரியாக எழுதப்பட்ட குறைந்தபட்ச நிபந்தனையே நயமாக விலக்கிவிடும்.

அப்படியானால் அந்த நிபந்தனை எதைக் கொண்டு அமைய வேண்டும்? இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். “குறைந்தது ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்க வேண்டும்” என்றோ, “குறைந்தது ஆயிரம் பீஸ்” என்றோ, அயலார் எழுதியதைப் பார்த்து ஒரு தொகையை எழுதிவிடுகிறார்கள். ஏன் ஆயிரம் என்று வாங்குபவர் கேட்டால் அதற்குக் காரணம் சொல்ல முடிவதில்லை. காரணம் சொல்ல முடியாத நிபந்தனை இரண்டாவது செய்தியிலேயே தளர்ந்துவிடுகிறது. ஒருவருக்குத் தளர்த்தியது மற்றவருக்குத் தெரியவரும்போது பட்டியலின் மதிப்பே போய்விடுகிறது.

அகல் விளக்கைப் பொறுத்தவரை, நிபந்தனைக்கு இயல்பான ஆதாரம் சிப்பம்தான். சிறிய அகல் ஒன்று சுமார் 25 கிராம் என்று கொள்வோம். 500 விளக்குகளை வரிசையாக ஒன்றுக்குள் ஒன்று சாய்த்து, வரிசைகளுக்கு இடையே வைக்கோலைத் திணித்து அட்டைப்பெட்டியில் அடுக்கினால், பெட்டியோடு சேர்ந்து பதினான்கு கிலோவுக்குள் நிற்கும். ஓர் ஆள் தனியாகத் தூக்கி, தோளில் வைத்து, மெதுவாக இறக்கக்கூடிய பாரம் அது. அதைவிடப் பெரிய பெட்டியை லாரி ஆபீஸ் சுமைக்காரர் இறக்க மாட்டார், போடுவார். மிகச் சிறிய பெட்டியோ மற்றச் சரக்கின் மேலே ஏறி, வழியில் உருண்டுவிடும். ஆக 500 என்ற எண் உற்பத்தியாளரின் பிடிவாதத்தால் வந்ததாக இல்லாமல், உடையாமல் போய்ச் சேரும் அளவாக அமைகிறது.

பார்சல் கட்டணமும் இதே முடிவுக்குத்தான் வழிகாட்டுகிறது. லாரி பார்சல் ஆபீஸ்களில் எவ்வளவு சிறிய சிப்பமானாலும் ஒரு குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு அது 80 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், நூறு விளக்கு வாங்குபவருக்கு விளக்கு ஒன்றுக்கு 80 காசு கூலியே ஏறுகிறது. 500 விளக்கு கொண்ட பெட்டிக்கு அதே கட்டணம் என்றால் ஒன்றுக்கு 16 காசுதான். ஒன்றரை ரூபாய்ச் சரக்குக்கு 80 காசு கூலி கொடுத்தவர், அதைக் கடையில் வைத்து விற்று லாபம் பார்ப்பது எப்படி? அவர் ஒரு முறை வாங்கி நஷ்டப்பட்டு, அடுத்த ஆண்டு நம்மிடம் வர மாட்டார். குறைந்தபட்சக் கொள்முதல் வாங்குபவரின் நன்மைக்காகவும் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கைக் காட்டியே சொல்லிவிடலாம். வெறும் வார்த்தையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்?

இனி விலைப் படிகளைப் பார்ப்போம். அதிகம் வாங்குபவருக்குக் குறைந்த விலை என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட நியாயம். ஆயினும் அந்தப் படிகளைக் கட்டும்போது நேரும் ஒரு பிழையை நான் பல பட்டியல்களில் பார்த்திருக்கிறேன். ஒரு பெட்டி வாங்கினால் 800 ரூபாய், இரண்டு முதல் ஒன்பது பெட்டி வரை பெட்டிக்கு 700, பத்துப் பெட்டியும் அதற்கு மேலும் பெட்டிக்கு 600 என்று ஒரு பட்டியல் இருப்பதாகக் கொள்வோம். பார்வைக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்பது பெட்டி வாங்குபவர் 6,300 ரூபாய் கொடுக்கிறார். பத்துப் பெட்டி வாங்குபவர் 6,000 ரூபாய்தான் கொடுக்கிறார்! ஒரு பெட்டி கூடுதலாக எடுத்துச் செல்பவருக்கு 300 ரூபாய் குறைகிறது என்றால், விவரம் தெரிந்த எந்த வியாபாரியும் ஒன்பது பெட்டி கேட்க மாட்டார். விவரம் தெரியாமல் ஒன்பது கேட்டு வாங்கியவர், பின்னர் கணக்குப் போட்டுப் பார்க்கும் அன்று தாம் ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார்.

இதைத் தவிர்க்க ஓர் எளிய கணக்கு போதும். பத்தாவது பெட்டியில் விலை இறங்குவதானால், அந்த இறக்கம் முந்தைய விலையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். ஐந்தாவது பெட்டியில் இறங்குவதானால் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக இருக்க வேண்டும். மேற்சொன்ன பட்டியலில் 700 ரூபாயில் பத்தில் ஒரு பங்கு 70. ஆகவே 50 ரூபாய் குறைத்து 650 என்று வைத்தால், பத்துப் பெட்டிக்கு 6,500 ஆகிறது, ஒன்பதுக்கு 6,300. அதிகம் வாங்குபவர் அதிகம் கொடுக்கிறார். அதே சமயம் 200 ரூபாய் மட்டும் சேர்த்தால் பத்தாவது பெட்டி கிடைக்கிறது என்ற ஆசையும் ஒன்பது கேட்டவருக்கு உண்டாகிறது. படிகள் மூன்றுக்கு மேல் போக வேண்டியதில்லை என்பதும் என் அபிப்பிராயம். ஏழெட்டுப் படிகள் கொண்ட பட்டியலைக் கைப்பேசியின் சிறிய திரையில் வாசிப்பவர் குழம்பிப்போய், “கடைசி விலை என்ன?” என்று மறுபடியும் முதலிலிருந்தே தொடங்குவார்.

பட்டியலின் உருவம் அடுத்த கேள்வி. படமாக அனுப்புவோர் உண்டு; எழுத்தாகவே அனுப்புவோர் உண்டு; வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள கேட்டலாக்கில் பொருளையும் விலையையும் ஏற்றிவைத்து, அதைக் காட்டிவிடுவோரும் உண்டு. கேட்டலாக் சில்லறை வியாபாரத்துக்குச் சௌகரியமானது. மொத்த வியாபாரத்தில் அதில் ஓர் இடைஞ்சல் இருக்கிறது. ரீசெல்லரிடம் வாங்கும் வாடிக்கையாளரும் அதே எண்ணைப் பிடித்து உள்ளே வந்து, மொத்த விலையைப் பார்த்துவிட முடியும். “உங்க விலையில பாதிக்கே அங்க கிடைக்குதே” என்று அந்த வாடிக்கையாளர் கடைக்காரரைக் கேட்டால், கடைக்காரரின் கோபம் நம்மேல் திரும்பும். ஆகையால் கேட்டலாக்கில் சில்லறை விலையை வைத்து, மொத்த விலையைக் கேட்டவருக்கு மட்டும் தனியே அனுப்புவதே உசிதம்.

தனியே அனுப்புவதில் படமும் எழுத்தும் சேர்ந்து போக வேண்டும். படம் கைமாறிக் கைமாறிப் போகும். போகிற இடத்தில் கூடவே வந்த விளக்கச் செய்தி உதிர்ந்துவிடும். சென்ற ஆண்டுப் படம் இந்த ஆண்டு யாரோ ஒருவர் கையில் வந்து, “இந்த விலைதானே போட்டிருக்கீங்க?” என்று நம்மிடமே திரும்பும் சங்கடம் இந்த வியாபாரத்தில் சகஜம். அதனால் தேதியும், விலை செல்லும் கடைசி நாளும், குறைந்தபட்சப் பெட்டியும், கூலி யார் பொறுப்பு என்பதும் படத்துக்குள்ளேயே, விலைக்கு மேலே, பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடியில் சிறிய எழுத்தில் போட்டதை வெட்டிவிட்டு முன்னனுப்புவது எளிது; மேலே போட்டதை வெட்டினால் படமே பாழாகும். எழுத்துச் செய்தியோ, வாசிப்பவர் இன்னார் என்று தெரிந்துகொள்ளும் கேள்வியோடு முடிய வேண்டும். உத்தேசமாக இப்படி இருக்கலாம்:

“வணக்கம். சிறிய அகல் 500 எண்ணம் கொண்ட பெட்டியாகத்தான் அனுப்புகிறோம். உடையாமல் சேர அந்த அளவே சரி. 1 பெட்டி ₹800. 2 முதல் 9 வரை பெட்டிக்கு ₹700. 10 முதல் ₹650. லாரி கூலி நீங்கள் இறக்கும்போது கட்டுவது. மண் அகலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. இந்த விலை ஐப்பசி 15 வரை. எந்த ஊர், எத்தனை பெட்டி என்று சொன்னால் கூலியையும் விசாரித்துச் சொல்கிறேன்.”

முதலில் வணக்கம், உடனே அளவும் அதற்குக் காரணமும், அதன்பின் விலை, கடைசியில் கேள்வி என்ற இந்த வரிசையை மாற்றினால் பலன் மாறும். விலையை முன்னே வைத்து நிபந்தனையைக் கடைசியில் வைத்தால், வாசிப்பவர் விலையை மனத்தில் பதித்துக்கொண்டு, நிபந்தனையைப் பேரத்துக்குரிய விஷயமாகவே எடுத்துக்கொள்வார். செயலியில் விரைவுப் பதிலாக இதைச் சேமித்துவைத்தால், சூளையடியில் நிற்கும்போதும் இரண்டு விரல் அசைவில் அனுப்பிவிடலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் நூறு கேட்பவர் வருவார். திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே, தம் கைப்பேசியில் ஸ்டேட்டஸ் வைத்து அக்கம்பக்கத்தாருக்கு விற்கும் பெண்மணி ஒருவர், “அண்ணே, முதல் தடவை செய்றேன், 100 மட்டும் தர முடியுமா?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முடியாது என்று ஒரே வார்த்தையில் முடிப்பதும், சரி என்று மொத்த விலையிலேயே நூறைக் கொடுப்பதும் இரண்டுமே தவறு. “பெட்டி பிரிச்சா கூலியே உங்க லாபத்தைத் தின்னுடும் தங்கச்சி. நேர்ல வந்து எடுத்தா சில்லறை விலையில நூறு தர்றேன். விழுப்புரம் பக்கம் வர ஆள் இருந்தா சொல்லி அனுப்புங்க. வித்துப் பார்த்துட்டு பெட்டியா எடுக்கும்போது பெட்டி விலை” என்பது தக்க பதில். இதில் மொத்த விலை எங்கும் உடைபடவில்லை. நூறு வாங்கும் வழியும் அடைபடவில்லை. அந்தப் பெண்மணி திண்டிவனத்திலேயே இரண்டு தோழியரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெட்டியைப் பங்கிட்டுக்கொள்வதும் நடக்கிற காரியமே. சரக்கை வாங்கி வைக்காமல், தம்மிடம் ஆர்டர் வந்தபின் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் நாமே நேரே அனுப்ப வேண்டும் என்று கேட்கும் ரீசெல்லர்கள் வேறு ஒரு வகை. அகல் போன்ற மலிவான, பாரமான, உடையும் சரக்கில் அந்த முறை ஒத்துவராது என்பதை அவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நேர விரயத்தைத் தடுக்கும்.

உடைசலுக்கு யார் பொறுப்பு என்பது பட்டியலில் எழுதப்படாததால் கெட்டுப்போன உறவுகள் அதிகம். லாரி ஆபீஸார் மண் சரக்குக்குப் பொறுப்பேற்பதில்லை. ரசீதிலேயே ‘உடைபொருள், உடைமையாளர் பொறுப்பு’ என்ற கருத்தில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். ஐந்து விளக்கு உடைந்ததற்குப் படம் எடுத்து அனுப்பி, ஏழு ரூபாய்க்கு இரண்டு நாள் வாக்குவாதம் செய்வதைவிட, பெட்டிக்குப் பத்து விளக்குக் கொசுறாகப் போட்டு, “510 இருக்கும், பத்து வரை உடைசலுக்குக் கணக்கில்லை, அதற்கு மேல் உடைந்தால் பெட்டி பிரித்த அன்றே படம் அனுப்புங்கள், அடுத்த பெட்டியில் ஈடு செய்கிறேன்” என்று எழுதிவிடுவது மலிவானது. எடுத்த எடுப்பிலேயே ஐம்பது, அறுபது உடைந்ததாக வந்தால், அது பாதையின் குற்றம் என்பதைவிடச் சூளையின் குற்றமாக இருப்பதே பெரும்பாலும் உண்மை. சரியாக வேகாத விளக்கு தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மந்தமாக ஒலிக்கும். உடைந்த முகத்தைப் பார்த்தால் நடுவில் கறுப்பாக இருக்கும். படத்தில் அந்தக் கறுப்புத் தெரிந்தால் வாதாடாமல் ஈடு செய்துவிடுவதே முறை.

முன்பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதியவரிடம் முழுத் தொகையையும் பெட்டி கட்டுமுன்பே வாங்கிவிடுவது வழக்கமாகி வருகிறது. பழகியவரிடம் பாதி முன்னும் பாதி லாரி ரசீதின் படம் அனுப்பியபின்னும் வாங்குவது உண்டு. இரண்டிலும் தவறில்லை, பட்டியலில் எழுதியிருந்தால் சரி. ஆனால் பட்டியலைப் பார்த்தவுடன் ஒரு காசு பேரம் பேசாமல், கூலியைப் பற்றிக்கூடக் கேட்காமல், ஐம்பது பெட்டி வேண்டும் என்று எழுதி, தம்மை ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, “பணம் வாங்க இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்யுங்கள்” என்று படம் அனுப்புகிறவர் வியாபாரி அல்லர், மோசடிக்காரர். பணம் பெறுவதற்கு ரகசிய எண் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பணம் அனுப்பிவிட்டதாகக் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாமல், வங்கிக் கணக்கில் வரவு ஏறியதைப் பார்த்த பின்பே பெட்டியைக் கட்டுவது நல்லது.

எல்லாவற்றிலும் முக்கியமானதும், பட்டியல்களில் அநேகமாகக் காணப்படாததுமான ஒரு வரி, ஆர்டர் ஏற்கும் கடைசி நாள். விளக்குக்குத் தேவை மிகுந்திருக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள்தான் வடகிழக்குப் பருவமழைக்கும் காலம். மழையில் வனைந்த விளக்கு காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் வெடிக்கும். நனைந்த விறகில் சூளை சரியாக எரியாது. ஆகவே இந்த மாதங்களில் விற்கப்படுவதில் பெரும்பகுதி கோடையிலும் ஆடி, ஆவணியிலும் சுட்டு அடுக்கி வைத்த சரக்கே. கையிருப்பு எத்தனை பெட்டி என்பது தெரிந்தே இருப்பதால், அது பாதிக்குக் கீழே இறங்கியதும் பத்துப் பெட்டிச் சலுகையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எடுத்ததை ஏற்கெனவே விலை கேட்டவர்களுக்குப் பிராட்காஸ்ட் பட்டியல் வழியாக ஒரே செய்தியில் தெரிவித்துவிடலாம். நம் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்துவைத்தவர்களுக்குத்தான் அந்தச் செய்தி போய்ச் சேரும் என்பதால், முதல் பதிலிலேயே “எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு வரி சேர்ப்பது பயன் தரும்.

விழுப்புரத்தை அடுத்த அய்யங்கோயில்பட்டு, அய்யூர்அகரம் முதலிய ஊர்களில் செய்யப்படும் விநாயகர் சிலைகளுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே விலை அடிக் கணக்கில் பேசப்படுகிறது; மூன்றடிச் சிலையைப் பெட்டியில் அடைக்க முடியாதாகையால், குறைந்தபட்சக் கொள்முதல் ஒரு சிறு சரக்கு வண்டி கொள்ளும் அளவாக நிற்கிறது; வாங்குபவரே வண்டி கொண்டுவருகிறார். சதுர்த்தி கழிந்த மறுநாள் விற்காத சிலைக்கு அந்த ஆண்டு மதிப்பே இல்லை என்பதால், முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனை அங்கே கடுமையாக இருப்பதும் நியாயமே. அகலுக்கு அந்தக் கடுமை வேண்டியதில்லை. கார்த்திகை தீபம் கழிந்தும் மிஞ்சிய விளக்கு வைக்கோலுக்குள் அப்படியே இருந்து, மார்கழியில் கோயில்களுக்கும், வெள்ளிக்கிழமை விளக்குப் பூஜைகளுக்கும், அடுத்த ஆண்டுக்கும் பயன்படும். ஆகையால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்கும் கடைக்காரருக்கு, பிரிக்காத பெட்டியை அவர் செலவில் கொண்டுவந்து சேர்த்தால், பெட்டிக்கு 100 ரூபாய் கழித்துக்கொண்டு எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதலாம். பிரித்த பெட்டியை எடுக்க வேண்டாம், ஏனென்றால் அதில் எத்தனை விரிசல் என்று எண்ணிப் பார்க்க ஓர் ஆளின் அரை நாள் போய்விடும்.